வாரத்தில் பாதி மலர்க்கொடி

முதலாளி இரண்டு பேரில் ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவரை முழு வாரமும் போடப்போகிறார் என்ற சேதி, முதலாளியின் டிரைவர் வாயிலிருந்து சிலிண்டர் போடும் குழந்தைவேலுக்கு வந்து, அவன் வழியாக ஒரு வியாழக்கிழமை மலர்க்கொடிக்கு வந்து சேர்ந்தது.

"யாரை நிறுத்துறாராம்?"

"அதை அந்தாளு சொல்லலைக்கா. ஆனா உங்க பேரைச் சொல்லி லேசா சிரிச்சான்."

"எந்த மாதிரி சிரிச்சான்?"

"சிரிப்புல என்னக்கா மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கேஸ் ஏஜென்சியில் நாற்காலி ஒன்று, டெலிபோன் ஒன்று, உட்கார ஆள் இரண்டு. செவ்வாய், புதன், வியாழன் மலர்க்கொடி. வெள்ளி, சனி, திங்கள் ஜெயசித்ரா. இந்தப் பங்கீட்டைச் செய்தது முதலாளி அண்ணாதுரை அல்ல, சிறுவாச்சூர் காளி. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அந்த இரண்டு நாளும் மலர்க்கொடி கோயில் வாசலில் தேங்காய்த் தட்டுக் கடை போடுவாள். "ஆத்தாளுக்கே வாரத்துல ரெண்டு நாள்தான் டூட்டி, நான் மூணு நாள் பாக்குறேன்" என்று பெருமையடித்துக்கொள்வாள். ஜெயசித்ரா மீதி நாட்களில் துறைமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாள். "அங்க நான் மேடம், இங்க நான் 'ஏம்மா'" என்பாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜெயசித்ரா வகுப்பு முடித்து வருவாள். ஐந்தரைக்குக் கடை அடைக்கும் வரை இரண்டு பேரும் சேர்ந்து இருப்பார்கள். யாருக்குச் சிலிண்டர் போகவில்லை, லோடு லாரி எப்போது வரும், யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது எல்லாம் அப்போது கைமாறும். திங்கள் சாயங்காலம் சந்திக்க வழியில்லை. ஜெயசித்ரா ஒரு தாளில் எழுதி டெலிபோனுக்கடியில் சொருகிவிட்டுப் போவாள்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் ஊரின் பொய்கள் பிடிபடும். ஒரு சிலிண்டர் வாங்கி மூன்று வாரம் ஆகாமல் அடுத்ததற்குப் பதிய முடியாது. வீட்டில் விசேஷம், துக்கம் என்றால் மட்டும் முதலாளி இரக்கப்படுவார். ஆகவே ஊரில் விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் குறைவே இல்லை.

"வெள்ளைச்சாமி வந்தாருடி. மவளுக்குக் கல்யாணமாம்."

"எங்கிட்ட அவங்க அம்மா செத்துட்டாங்கன்னாரே."

"ஒரே வாரத்துலயா?"

"சனிக்கிழமை செத்தாங்கக்கா. செவ்வாக்கிழமை நிச்சயம் பண்ணிட்டாரு போல."

இரண்டு பேரும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போது பார்த்து உள்ளே வந்தார் முதலாளி.

அவருக்குச் சிரிப்பு பிடிக்காது என்றில்லை. ஒரே நேரத்தில் இரண்டு சம்பளத்துக்குச் சிரிப்பதுதான் பிடிக்கவில்லை. அதற்கடுத்த வியாழன்தான் குழந்தைவேல் சேதி கொண்டுவந்தது. மறுவாரமே முதலாளி நேரில் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமைச் சந்திப்பு இனி கிடையாது, இரண்டு பக்கமும் எழுதி வைத்துவிட்டுப் போனால் போதும். ஒரு மாதம் பார்ப்பார். யார் நாளில் புகார் குறைவோ அவர் முழு வாரம். மற்றவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

மலர்க்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலை போனால் மாதச் சம்பளம் போய்விடும். வேலை முழுசாகக் கிடைத்தாலோ கோயில் வாசலில் இடம் போய்விடும். பக்கத்துக் கடைப் பூமாலை, இவள் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லையென்றால் போதும், தன் தட்டுகளை இந்தப் பக்கம் பரப்பிவிடுவாள். இப்போதே அவளுடைய கூடை எல்லை தாண்டித்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனாலும் தோற்க யாருக்கு மனம் வரும்? முதலில் ஜெயித்துவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்று தோன்றிவிட்டது. அந்த வியாழக்கிழமை குறிப்பை முத்து முத்தாக எழுதினாள். பாக்கிச் சிலிண்டர்கள், கசியும் ரெகுலேட்டர் மாற்ற வேண்டிய வீடு, எல்லாம். ஒன்றை மட்டும் விட்டாள். வாத்தியார் தங்கராசு மகளுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம், காலையில் முதல் நடையிலேயே சிலிண்டர் அனுப்புகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஊரிலேயே உண்மையான விசேஷம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தேங்காய்க்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால், எதிரில் தங்கராசு.

"ஏம்மா, நீ இங்கயா இருக்க?"

"வாங்க சார். தட்டு வேணுங்களா?"

"சிலிண்டர் வேணும்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூமாலை தன் வியாபாரத்தையே நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்களோட சாமி கும்பிட வந்தேன். வூட்ல பாதிச் சாம்பார்ல கேஸ் தீந்துபோச்சாம். உங்க ஆபீசுக்குப் போன் போட்டா, அப்படி யாரும் சொல்லி வைக்கலேங்குது அந்தப் பொண்ணு. நீ வாக்குக் குடுத்தியா இல்லையா? ஆத்தா வாசல்ல வச்சுச் சொல்லு."

ஆத்தா வாசலில் வைத்து என்ன சொல்வது? மலர்க்கொடி எழுந்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். கடையை யார் பார்ப்பது என்று கேட்பதற்குள் பூமாலை "நான் பாத்துக்கிறேன்டி, நீ மெதுவா வா" என்றாள். அந்த 'மெதுவா'தான் பயமாக இருந்தது.

"தங்கராசு சாருக்கு உடனே அனுப்புடி."

"நீங்க எழுதலையேக்கா" என்றாள் ஜெயசித்ரா.

"எழுதலை."

"மறந்துட்டீங்களா?"

பூத்துக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "மறக்கலை" என்றாள் மலர்க்கொடி.

அந்தப் பக்கம் தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "போன செவ்வாக்கிழமை லோடு வராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. நானும் எழுதலை."

அந்தச் செவ்வாய் ஞாபகம் வந்தது. சாயங்காலம் வந்துவிடும் என்று இவள் எல்லோரையும் நம்பவைக்க, இருட்டும் வரை காலிச் சிலிண்டரோடு ஜனம் வாசலை மறித்து நின்றது. மலர்க்கொடிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

"பாவி மவளே. முதல்ல அவருக்கு அனுப்பு."

சிலிண்டர் போய்ச் சேர்ந்தது, சாம்பாரும் ஒருவழியாகக் கொதித்தது. மலர்க்கொடி திரும்பி வந்தபோது அவள் இடத்தில் பூமாலையின் தட்டுகள் இரண்டு வரிசை ஏறியிருந்தன.

அன்றிலிருந்து வியாழன் மாலைகளில் இரண்டு பேரும் கடையை அடைத்த பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரம் நின்று சம்பளமில்லாமல் எல்லாவற்றையும் கைமாற்றிக்கொண்டார்கள். வெள்ளைச்சாமி வீட்டில் புதிதாக யார் செத்தார்கள் என்பது உட்பட. புகார் நின்றுபோனது. இரண்டு பேருக்கும் சமமாக நின்றுபோனது.

மாதக் கடைசியில் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, சேந்து உக்காராமலே வேலை நடக்குது" என்றார். "ரெண்டு பேரும் சமமா இருக்கீங்க. எனக்கு ஒரு ஆளு போதும். உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருங்க. அரியலூர்லேருந்து போன் பண்றேன்."

பேசினார்கள். போனை யார் எடுத்தாலும் ஒரே பதில்: இரண்டு பேருமே இருப்போம், பழையபடி பாதிப் பாதி, வியாழக்கிழமைச் சந்திப்பும் வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேருமே இல்லை. டீக்கடையில் சொன்னபோது சுலபமாகத்தான் இருந்தது.

வியாழன் நாலு மணி. டெலிபோன் அடித்தது.

"எடுங்கக்கா" என்றாள் ஜெயசித்ரா.

"நீ எடு."

"வியாழக்கிழமை உங்க நாளு."

"நாலு மணிக்கு மேல நீயும்தான இருக்க?"

மலர்க்கொடிக்கு ஒரு சந்தேகம். தான் எடுத்து, இரண்டு பேருமே இல்லை என்று சொன்ன பிறகு, ராத்திரி இவள் தனியாக முதலாளிக்குப் போன் போட்டால்? சரி, இவளையே எடுக்கவிட்டால், அந்த 'இரண்டு பேரும்' வாய்க்குள்ளேயே நின்றுவிட்டால்? நிமிர்ந்து பார்த்தாள். ஜெயசித்ராவும் அவளை அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை நம்பலையாக்கா?"

"நீ நம்புறியா?"

ஜெயசித்ரா டெலிபோனை மேசை நடுவில் நகர்த்தி வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.