கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து எண்ணியது

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் தள்ளிப்போட்டேன். அந்த ஆங்கிலப் பேச்சு வகுப்பைப் பற்றி ஊரறிய முதலில் நல்ல வார்த்தை எழுதியவளே நான்தான். அதுதான் கையைப் பிடித்து இழுத்தது.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மகள் பி.காம். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பு வேலைக்கு இன்டர்வியூ போனாள். உன்னைப் பற்றிச் சொல் என்று இங்கிலீஷில் கேட்டதற்கு ஒரு வார்த்தை வரவில்லையாம். மூன்று மாதம் கழித்து மறுபடி வா என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு வீட்டிலேயே அவள் பேச்சு குறைந்துபோனது. அவள் வாய் திறக்க வேண்டும் என்று திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

'முப்பது நாளில் சரளமாகப் பேசலாம்' என்று தஞ்சாவூரில் போர்டு பார்த்தோம். மாதிரி வகுப்பில் எட்டே பேர், எல்லாரையும் பேசவிட்டார்கள். ஒரு பெண் எழுந்து, போன மாதம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று கடகடவென்று இங்கிலீஷில் பேசினாள். சேர்ந்துவிட்டோம். சேர்ந்த அன்றே அலுவலகத்துப் பெண் என் போனை வாங்கி, இன்டர்நெட்டில் அவர்கள் பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னாள்.

"இன்னும் வகுப்பே ஆரம்பிக்கலையேம்மா?"

"நல்ல வார்த்தைதானே ஆன்ட்டி, போடுங்க."

'மிகவும் நல்ல வகுப்பு' என்று எழுதிவிட்டேன். சுவாமி சாட்சியாக, அது பொய்.

மறுவாரம் உண்மையான வகுப்பு. நாற்பத்திரண்டு பேர். திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் நானும் கூடப் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்காருவேன். பஞ்சாட்சரம் சொல்லி விரல் கணுவில் எண்ணுவது என் வழக்கம். அன்று மனம் ஜபத்தில் நிற்கவில்லை. உள்ளே தனியாக எழுந்து பேசியவர்களை எண்ண ஆரம்பித்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. யார் வாய் அசைகிறது என்பது தெரியும். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர். மற்ற நேரமெல்லாம் வாத்தியார் பேசினார், பலகையில் எழுதினார், எல்லாரும் கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த மாதிரி வகுப்பன்றும் அதே பெண் வந்து, போன மாதம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். இரண்டு வாரத்தில் என் மகள் இரண்டே தடவை எழுந்தாள். இரண்டையும் சேர்த்தால் ஒரு நிமிஷம் வராது. நோட்டு மட்டும் நிரம்பியிருந்தது.

அந்தச் சமயத்தில் நன்னிலத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். என்னிடம் வந்து, "நீங்க போட்டதைப் பாத்துத்தாம்மா சேந்தேன்," என்றாள். 

நிர்வாகியிடம் போய், ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பேசுகிறார்கள் என்று கேட்டேன். கேட்கக் கேட்கத் தானாக வரும், முப்பதாம் நாள் பாருங்கள் என்றார்.

"ஆத்துல தண்ணி வந்துட்டா போதுமா தம்பி? கடைசி வயலுக்கு மடை திறந்து விடணும்ல? எம்பொண்ணு கடைமடையில உக்காந்திருக்கா."

"விவசாயம் வேற, இது வேறம்மா," என்று சிரித்தார்.

அன்று பஸ்ஸிலேயே பழையதை மாற்றி இரண்டு நட்சத்திரமாக்கினேன். 'மாதிரி வகுப்பில் எட்டுப் பேர், பிறகு நாற்பத்திரண்டு பேர். ஒரு மணி நேரத்தில் ஐந்து பேர்தான் தனியாகப் பேசினார்கள். வாத்தியார் நல்லவர், இலக்கணம் புரிகிறது. பேச இடமில்லை' என்று எழுதினேன். நீக்கச் சொல்லி மூன்று தடவை போன் வந்தது. நீக்கவில்லை.

முப்பதாம் நாள் வந்தது, போனது, சரளம் வரவில்லை. என் மகளும் நன்னிலத்துப் பெண்ணும் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் போனில் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி, ஒருத்தி நோயாளி. "தப்பாப் பேசுறோமேடி," என்று இவள் சொல்ல, "யாரு கேக்குறா, நீ பேசு," என்று அவள் அதட்டுவாள். இரண்டு மாதத்துக்கு மேல் இப்படி. அதே ஆஸ்பத்திரியில் மறுபடி நடந்த இன்டர்வியூவில் என் மகள் திக்கினாள், ஒரு கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னாள், ஆனால் பேசினாள். வேலை கிடைத்தது.

அடுத்த மாதமே அந்த வகுப்பின் பேனரில் அவள் படம். 'முப்பது நாளில் சாதித்தவர்' என்று கீழே எழுத்து. நான் போய்க் கேட்டதும் பேனரை இறக்கினார்கள். செல்போனில் இன்னமும் அந்தப் படம் சுற்றுகிறது. வேலை இடத்தில் வம்பு வேண்டாம் என்று அவள் கெஞ்சியதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவளே, "எழுதும்மா, இன்னொருத்தி அதைப் பாத்துட்டுப் போய்ச் சேர்றா," என்றாள்.

எழுதிவிட்டேன். வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைக் கொடுங்கள். வாத்தியார் நல்லவர் என்பதை விட்டுவிடாதீர்கள், நான் முதலில் எழுதிய பொய்யையும் விட்டுவிடாதீர்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எண்ணியது எண்ணியபடியே போய்ச் சேரட்டும்.