நாலு மணி என்று எழுதிய கையெழுத்து

ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தேன். படிப்பு ஒன்பதாவது வரை. வேலை காண்ட்ராக்ட். அந்த மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது. நிரந்தரம் செய்வார்கள், இல்லை என்றால் அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் இரண்டையும் சொந்த ஊர் கல்லாவியிலிருந்து கூட்டி வந்து இங்கே பள்ளியில் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அக்கவுண்ட்ஸுக்குப் புதிதாக ஒரு மேனேஜர் அம்மா வந்திருந்தார். மாதக் கணக்கு முடிக்க ஒரு தாள் போட்டார். பன்னிரண்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வது, எத்தனை மணிக்குள், செய்த நேரம், கையெழுத்து. நாலாவது என்னுடையது. கடைசி நாள் சாயங்காலம் நாலு மணி வரை கேட்டுக்குள் வந்த சரக்குக்கெல்லாம் வரவுச் சீட்டு போட்டு, கடைசிச் சீட்டின் நம்பரைத் தாளில் எழுத வேண்டும். ஆறாவது, ஐந்து மணிக்குச் சரக்கை எண்ணுவது. பன்னிரண்டாவது, இரண்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மேனேஜர் அம்மாவே கம்ப்யூட்டரில் அந்த மாதத்தைப் பூட்டுவது. பூட்டிய பிறகு பழைய தேதியில் எதுவும் ஏறாது.

கடைசி நாள், தாள் சாப்பாட்டு நேரத்திலேயே மேசை மேசையாக வந்துவிடும். எல்லோரும் அவரவர் கட்டத்தில் போட்டிருக்கும் நேரத்தையே செய்த நேரமாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அன்றும் ஒன்றரை மணிக்கு நான் 4.00 என்று எழுதினேன். காலையில் போட்ட சீட்டின் நம்பரை எழுதினேன். பிறகு எண்ணுவதற்கு ரேக்குகளை ஒழுங்கு செய்யப் போய்விட்டேன்.

மறுநாள் காலை என் மேசைத் தட்டில் ஒரு பில் கிடந்தது. பெங்களூரிலிருந்து வந்த இரும்பு ராடு, அறுபது. யோசிக்காமல் ஒன்றாம் தேதி போட்டுச் சீட்டு போட்டேன்.

இரண்டாம் தேதி பதினொரு மணிக்கு அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவன் வந்தான். கல்யாணம் ஆனவன்தான், எல்லோரும் அவனைப் பையன் என்போம்.

"அண்ணா, ராடு எண்ணிக்கைல அறுபது கூட இருக்கு. முப்பத்தொண்ணு வரைக்கும் புக்குல இல்ல. குட்டி போட்டுச்சா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்த செக்யூரிட்டி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எனக்கு மூத்தவர். ரிஜிஸ்டரைத் திருப்பினேன். கடைசி நாள், 3.40, லாரி நம்பர், ராடு 60. அவர் கையால் எழுதியது.

வந்தது நாலுக்கு முன்னால். நான் சீட்டு போடவில்லை. ஆனால் போட்டு முடித்தேன் என்று கையெழுத்து இருக்கிறது.

"என்னப்பா, மூஞ்சி செத்துப்போயிருக்கு?"

சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார்.

"மூணு நாப்பது தானே? நாலு நாப்பதுன்னு திருத்திடலாம். மூணு நாலாக எத்தன நேரம்? உனக்கு ரெண்டு குழந்தைங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு மூணு."

பேனா ரிஜிஸ்டருக்கு மேலேயே நின்றது. திருத்தினால் ராடு அடுத்த மாதத்துச் சரக்கு ஆகிவிடும். என் கையெழுத்து சரியாகிவிடும். ஆனால் லாரிக்காரனிடமும் அவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருக்கும். மாட்டினால் அவரும் போவார்.

"வேணாம்ண்ணா. மூடுங்க" என்றேன்.

மேனேஜர் அறை வாசல் வரை நாலு தடவை போய்த் திரும்பினேன். சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு உள்ளே போனேன்.

"மேடம், ராடு நம்மளுதுதான். முப்பத்தொண்ணு மூணு நாப்பதுக்கு வந்துச்சு. நான் சீட்டு போடல."

"நாலு மணிக்கு முடிச்சேன்னு கையெழுத்து இருக்கே?"

"அது ஒன்றரைக்கே போட்டது மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இப்படித்தான் எல்லாரும் போடுறீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். "என்னுது மட்டும் சொல்ல வந்தேன் மேடம்."

ஒன்றாம் தேதிச் சீட்டை ரத்து செய்யச் சொன்னார். முப்பத்தொன்று போட்டுப் புதிதாகப் போட்டேன். புக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போயின. தாளில் 4.00ஐ ஒரு கோடு போட்டு அடிக்கச் சொன்னார். நம்பரையும் மாற்றச் சொன்னார். உண்மையான தேதி, நேரம் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறு மணிக்கு மாதத்தைப் பூட்டினார்.

"உங்க நிரந்தரம் பத்தி பர்சனல் டிபார்ட்மெண்ட்ல என்கிட்ட கேப்பாங்க. நடந்தத எழுதித்தான் ஆகணும்" என்றார்.

எட்டு நாள் வீட்டில் சொல்லவில்லை. மனைவி பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். ஒன்பதாம் நாள் பர்சனலில் கூப்பிட்டார்கள். நிரந்தரம் இல்லை. அனுப்பவும் இல்லை. இன்னும் ஆறு மாதம் காண்ட்ராக்ட். உத்தரவுத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். பிறகு போய் ஸ்வெட்டர் வாங்கினேன், இரண்டு.

அந்த மாதக் கடைசியிலும் சாப்பாட்டு நேரத்தில் தாள் வந்தது. எனக்கு மேலே மூன்று பேர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று மூன்றரை மணி. அப்போது மணி ஒன்று இருபது.

என் கட்டத்தைக் காலியாக விட்டுத் தாளை அடுத்த மேசைக்குத் தள்ளினேன்.