கர்வ் பண்ணி அனுப்பிய ரெஸ்யூம்

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடும் அண்ணன், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். போன் பண்ணினால் அண்ணிதான் எடுப்பாள். குளிக்கிறார் என்பாள். எந்நேரமும் ஒரு மனுஷன் குளித்துக்கொண்டே இருப்பானா? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வேலை போன துக்கம், தானாகத் தெளிவான் என்று விட்டுவிட்டேன்.

அடுகோடியில் ஒரு பிரஸ்ஸில் பல வருஷம் டிசைனராக இருந்தவன் அவன். மருந்துப் பெட்டி, ஊதுபத்திக் கவர், கல்யாணப் பத்திரிகை என்று எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி செய்து கொடுப்பான். முதலாளி பிரஸ்ஸை மூடியதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் ஆளெடுக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கே ஒரு டிசைனர் தேவைப்பட்டபோது, அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை என்று குதித்தேன். உடனே அப்ளை பண்ணச் சொன்னேன்.

ஆனால் சொந்தக்காரர் அப்ளை பண்ணினால் நாங்கள் அந்த வேலைப்பக்கமே போகக்கூடாது. அது ஆபீஸ் விதி. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினேன். பக்கத்து மேஜைக்காரர் பார்த்துக்கொண்டார். என் கையில் எதுவும் இல்லை என்று அண்ணனிடமும் சொன்னேன். சரி சரி என்றான்.

இரண்டு மூன்று மாசத்தில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்து சேர்ந்தார். அன்றைக்கு மத்தியானம் பக்கத்து மேஜைக்காரர் தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "ஏன் மேடம், உங்க அண்ணா அப்ளையே பண்ணில்வா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனி விதி தடுக்காது என்பதால், அப்ளிகேஷன்கள் வந்து விழும் ஆபீஸ் சாப்ட்வேரில் இருவருமாகச் சேர்ந்து தேடினோம். பெயரைப் போட்டதும் வந்தான். அவன் கையால் அடித்த பெயரும் போன் நம்பரும் இருந்தன. அனுபவம், தெரிந்த வேலைகள், படிப்பு எல்லாம் காலி. இணைத்திருந்த பைலைத் திறந்தால், அடேயப்பா, அவ்வளவு அழகு! மௌசை வைத்து ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்தேன். பிடிபடவில்லை. அதில் எழுத்தே கிடையாது.

பிரஸ்காரர்கள் அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணிவிடுவார்கள். எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடும். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பான்ட் மாறாது. அண்ணன் பழக்கதோஷத்தில் ரெஸ்யூமையும் கர்வ் பண்ணி அனுப்பியிருக்கிறான். எங்கள் சாப்ட்வேரோ பைலுக்குள் இருக்கும் எழுத்தை மட்டும்தான் உருவி எடுத்துக் கட்டங்களில் போடும். படத்தைப் பார்த்துப் படிக்கிற வசதி அதில் இல்லை. கர்வ் பண்ணாமல் விட்டிருந்தாலும் முழுசாகத் தேறியிருக்காது. பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தான். சாப்ட்வேர் குறுக்கே வாசித்து, இந்தப் பக்கத்து வரியை அந்தப் பக்கத்து வரியோடு ஒட்டியிருக்கும். எந்த வேலையில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைப் புள்ளி புள்ளியாக நிரப்பிக் காட்டியிருந்தான். அந்தப் புள்ளி அதற்கு ஒன்றுமே இல்லை.

யாரும் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர் 'பேக்கேஜிங்', 'ஆர்ட்வொர்க்' என்று தேடியிருக்கிறார். அந்த வார்த்தைகள் உள்ளவர்கள் வரிசையாக வந்தார்கள். அவர்களைத்தான் திறந்து பார்த்தார். ஆளை முடிவு பண்ணியதுமே, அவர் வந்து சேர ஒரு மாசத்துக்கு முன்பே, மிச்சம் எல்லோருக்கும் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று மெயில் தானாகப் போய்விட்டது. என் அண்ணனுக்கும் போயிருக்கிறது.

அந்த ஞாயிறு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுகோடியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அவன் குளிக்கவில்லை. ஓசூர் ரோட்டில் ஒரு குடோனில் பார்சல் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறானாம். விரல் நுனியெல்லாம் காய்ப்பு. எல்லாவற்றையும் விளக்கினேன். காலிக் கட்டங்களைக் காட்டினேன். ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுக்கொண்டு போனான்.

"நீ பாத்துட்டுதான் வேணாம்னு சொல்லிட்டன்னு நெனச்சிட்டேன்," என்றான்.

என் கையில் இல்லை என்றுதானே சொன்னேன் என்று கத்தினேன். அது ஊருக்குச் சொல்கிற பேச்சு என்று நினைத்தானாம். உனக்கு மூளையே கிடையாதா என்று திட்டினேன்.

"அந்த வேலை இன்னும் இருக்கா?"

"ஆள் சேந்தாச்சுண்ணா."

தலையை ஆட்டினான். சாதாரணமாக டைப் அடித்த ஒரு ரெஸ்யூமைப் போட்டுத் தருகிறேன், வேறு கம்பெனிகளுக்கு அனுப்பலாம் என்றேன். போடு என்றான். மேலிருந்து கீழாக ஒரே பத்தி, கட்டமில்லை, படமில்லை, கலரில்லை. அடித்து முடித்துக் காட்டினேன். என் கையிலிருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பழைய பைலைத் திறந்து திரை முழுக்க வைத்தான்.

"யாருமே பாக்கலேல்ல. நீயாவது ஒரு தடவ முழுசா பாரு," என்றான்.