அந்த இன்னொருவர்

அரூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இருபது வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். என் சிவப்புப் பேனாவுக்கு அதிக வேலை வைத்தது 'அனதர்' என்கிற சொல்தான். இரண்டே இரண்டு இருந்து, ஒன்றைச் சொல்லிவிட்டால் மிஞ்சுவது 'தி அதர்'. சொன்னதைத் தவிர வேறு ஏதோ ஒன்று என்றால் 'அனதர்'. மிச்சம் எல்லாமே என்றால் 'தி அதர்ஸ்', வேறு சில மட்டும் என்றால் வெறும் 'அதர்ஸ்'. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அந்த 'ஸ்' கழன்றுகொள்ளும், 'அதர் புக்ஸ்' என்பதுபோல.

போர்டில் இரண்டு கண் வரைவேன். "ஒன் ஐ, தி அதர் ஐ. அனதர் ஐன்னா மூணாவது கண்ணு. நீங்க என்ன சிவபெருமானா?" என்பேன். வகுப்பு சிரிக்கும். பரீட்சையில் எல்லோரும் மறுபடி 'அனதர் ஐ' என்றே எழுதி வைப்பார்கள். தமிழில் இரண்டுக்கும் 'இன்னொரு' போதும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் நான் அரை மார்க்கைக் கழிக்காமல் விட்டதில்லை.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவுக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேரும் வெளிநாட்டில் ஒரே கம்பெனியில் கட்டட வேலை. பெரியவனுக்குக் கல்யாணமாகி, மனைவி மாமியாரோடு இருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்கா கைகூடக் கழுவாமல் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்தார். செல்போனில் மாவு ஒட்டியிருந்தது.

"டீச்சர், கம்பெனியில இருந்து வந்திருக்குதுங்க. போன் போட்டா ரெண்டு பேரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. என்னன்னு பாருங்க."

உங்கள் இரண்டு மகன்களும் வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. அடுத்து, 'ஒன் சன் இஸ் இன் ஐசியூ. அனதர் எக்ஸ்பயர்ட்.' பெயர் எதுவும் இல்லை.

முதல் பார்வையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறை படித்தபோது என்னையறியாமல் விடைத்தாள் திருத்துபவளாகிவிட்டேன். மகன்கள் இரண்டே பேர். செத்தது அவர்களில் ஒருவன் என்றால் 'தி அதர்' என்றல்லவா இருக்க வேண்டும்? 'அனதர்' என்றால் வேறு யாரோ.

"ஒரு பையன் ஆஸ்பத்திரியில இருக்கான்க்கா. இறந்தது வேற ஒருத்தர். இங்கிலீஷ்ல அப்படித்தான் அர்த்தம்" என்றேன்.

"நெசமாங்களா? அப்ப என்னுது ரெண்டும் இருக்குதுங்களா?"

"இருக்காங்க."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஆபீசுல எழுதறவரு நம்ம தருமபுரி ஆளுதானாம். நல்லாப் படிச்சவராட்டம் இருக்குது" என்றார். அது என் காதில் விழுந்தது. விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. இருபது வருடம் யார் தாளைத் திருத்தினேன்? தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதுகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தாளைத்தானே!

மறுநாள் காலை அவர்கள் ஊர் மாதா கோயிலில் அக்கா பூசைக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகன் பிழைக்க ஒன்று. இறந்துபோன அந்த இன்னொருவரின் ஆன்மாவுக்காக ஒன்று. "யாரு பெத்த புள்ளையோ, அவங்க ஆத்தா என்ன பாடு படறாளோ" என்று சொல்லிச் சொல்லி அழுதாராம். மருமகள் பக்கத்தில் தலையில் பூவோடு முட்டி போட்டிருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. இறந்தது பெரியவன். ஐசியூவில் இருப்பது சின்னவன். மூன்றாவதாக ஒருவர் அங்கே இல்லவே இல்லை.

நான் துக்கம் கேட்கப் போகவில்லை. பயம்தான், வேறென்ன? திங்கட்கிழமை அக்காவே பள்ளிக்கு வந்தார். உடலை அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டுமாம். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஒருத்தன் போயிட்டான், இன்னொருத்தனையாவது காப்பாத்திக் குடுங்கன்னு எழுதுங்க. எனக்கு வேற புள்ளைங்க இல்லைன்னும் போடுங்க டீச்சர்."

'ஒன் ஆஃப் மை சன்ஸ் இஸ் டெட். ப்ளீஸ் சேவ் தி அதர்' என்று எழுதினேன். அடுத்த வரியில் 'ஐ ஹேவ் நோ அதர் சில்ட்ரன்.' கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர், தாளை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"இது சரியா இருக்குதுங்களா டீச்சர்?"

"சரியா இருக்குதுக்கா" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு கணக்கு வாத்தியாரிடம் காட்டப் போனார்.