பன்னிரண்டு கிளைகளும் முதலிடம்

தி. நகரில் எங்கள் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு நான் மாறிப்போன புதிது. பன்னிரண்டு கிளைகளின் செயல்திறனை ஒப்பிட்டுத் தரச் சொன்னார்கள். கிளை செலவழிப்பது என்று ஊழியர்களையும் இடப்பரப்பையும் வைத்தேன். ஈட்டுவது என்று டெபாசிட்டையும் கடனையும் வைத்தேன். அந்தக் கணக்கு தாராள மனசுக்காரக் கணக்கு. எந்த அளவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதில் ஒவ்வொரு கிளைக்கும் அதற்கு மிகச் சாதகமான எடைகளையே கொடுத்துப் பார்க்கும். அப்படியும் மற்றவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாத கிளைதான் முழு மதிப்பெண்ணான ஒன்றுக்குக் கீழே இறங்கும். மந்தைவெளி அரைக்குச் சற்று மேலே நின்றது.

அந்தக் கிளையின் மேனேஜர் அம்மா ஃபோன் செய்தார். "ஒண்ணாந்தேதி வந்து பாருங்க சார். பென்ஷன்காரங்க வரிசை படி வரைக்கும் நிக்குது. அது உங்க கணக்குல எங்க இருக்கு?"

நியாயம்தான். கவுன்டரில் முடித்துக்கொடுக்கும் வேலைகளின் எண்ணிக்கையையும் ஈட்டுவதில் சேர்த்தேன். மந்தைவெளி ஒன்றைத் தொட்டது.

செய்தி பரவிவிட்டது. அடையாறு லாக்கரைச் சேர்க்கச் சொன்னது, மயிலாப்பூர் நகைக்கடனைத் தனியாகக் காட்டச் சொன்னது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அளவுகள் பத்தானபோது பன்னிரண்டு கிளைகளுக்கும் ஒன்று. அளவுகள் கூடினால் ஒவ்வொரு கிளையும் ஏதாவது ஓர் அளவில் தனித்து நின்று முழு மதிப்பெண் வாங்கிவிடும் என்று படித்திருந்தேன்தான்.

தலைமை மேலாளர் தாளைப் புரட்டினார். "எல்லாரும் ஃபர்ஸ்ட்டா? அப்ப எதுக்குய்யா கம்ப்யூட்டர்?"

சேர்த்ததையெல்லாம் எடுத்தேன், கவுன்டர் வேலையைத் தவிர.

ஓய்வு பெற்றுவிட்ட இப்போது, ஒண்ணாந்தேதிகளில் மந்தைவெளியில், அதே படியில், பாஸ்புக்கோடு நானும் நிற்கிறேன். அன்றைக்கு எடுக்காமல் விட்டது என்னைத்தான்.