வாளைக்கு நாறேன்

என் வீட்டுக்காரருக்குப் படகு எஞ்சின் பழுது பார்ப்பது தொழில். சொற்களின் தலையைக் கழற்றி மாற்றிப் பூட்டுவதும் அவருடைய வேலைதான். கல்யாணமான புதிதில் பசிக்கிறது என்று அவர் நேராகச் சொல்லிக் கேட்டதேயில்லை. "பயிறு வசிக்குது" என்பார். வயிறு பசிக்குது. முதல் எழுத்துகள் இரண்டும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக வரும். அடுப்படியில் திரும்பி நின்று சிரித்துவிட்டு வருவேன்.

அவர் அதில் ரொம்பக் கறார். தலையில் நிற்கும் மெய் மட்டும்தான் மாற வேண்டும். அதன் உயிர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். "மெல்ல வா" என்றால் மகரமும் வகரமும் மாறி "வெல்ல மா" ஆகும். எகரமும் ஆகாரமும் அசையாது. மாறி வருகிற இரண்டும் உயிருள்ள சொற்களாக இருக்க வேண்டும். எங்கள் பையன் ஒருநாள் "மீன் வாங்கு" என்பதை "வீன் மாங்கு" ஆக்கிக்கொண்டு வந்தான். "இது செத்த மீனாக்கும், கடல்ல போடு மக்கா" என்று துரத்திவிட்டார்.

புதிதாகச் செய்வதற்கும் வழி வைத்திருந்தார். முதலில் தலை மட்டும் வேறான ஒரு ஜோடியைப் பிடிப்பார்: தண்ணி, கண்ணி. அதே த, க மாறினாலும் பிழைக்கிற இன்னொரு ஜோடியைத் தேடுவார்: குடி, துடி. பிறகு இரண்டும் ஒரே பேச்சில் சேர்ந்து வருமா என்று பார்ப்பார். "தண்ணி குடிச்சியா?" வந்துவிட்டது. அதிலிருந்து வலை பின்னுகிறவர்களிடம் போய் "கண்ணி துடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அம்மா வீட்டுக்குப் போகும்போது பையில் மீன் இருக்கும். வாசலில் நின்று "நாளைக்கு வாறேன்" என்பேன். "வாளைக்கு நாறேன்" என்று எனக்குப் பதிலாக அவரே சொல்லி முடிப்பார். வாளை மீனையும் என் நாற்றத்தையும் தெரு முழுக்கக் கேட்கச் சொல்லும் மனுஷன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கொழுந்தன் குடும்பம் சாப்பிட வந்திருந்தது. இவர் தம்பியைப் பார்த்து, "கிண்ணா தெடிச்சோ?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தன் மேசையைத் தட்டினார். "புதுசாக்கும்! இன்னொண்ணு விடு அண்ணே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்ணி துடிச்சியா" என்றல்லவா வர வேண்டும்? கிண்ணா என்று ஒரு சொல் இல்லை. அகரம் இருந்த இடத்தில் இகரம் வந்திருக்கிறது. உகரத்தைக் காணவே காணோம். இருபது வருஷமாக உயிரெழுத்தைத் தொடாத மனுஷன் இவர்.

"இது வெளயாட்டில்ல. வண்டி எடுங்க," என்றேன்.

"மைனி, அண்ணனுக்க வெளயாட்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதுனாலதான் சொல்லுதேன். எந்திரிங்க!"

கத்தினேன். அப்போதும் ஒருவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இவரும் எதையோ சொல்ல முயன்றார். இன்னும் குழறியது, இன்னும் சிரித்தார்கள். வாயின் ஒரு ஓரத்திலிருந்து சோறு வழிந்த பிறகுதான் கொழுந்தன் சாவியைத் தேடினார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. மூளையில் பேச்சுக்கான இடத்தில்தான் அடைப்பு என்றார்கள். நடக்கத் தொடங்கினார், கரண்டி பிடித்தார். சொல் மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலையாளப் பெண் வீட்டுக்கே வந்தாள். படம் காட்டி, வாயசைத்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்தாள். பழைய விளையாட்டு திரும்ப வருமா என்று அவளிடம் கேட்டேன். "முதல்ல நேரா சொல்லட்டு சேச்சி" என்றாள். எனக்கு அவர் நேராகச் சொல்ல வேண்டாம். கோணலாகச் சொன்னால் போதும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் புறப்படும்போதெல்லாம் "நாளைக்கு வாறேன்" என்பாள். அதை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் உதட்டைப் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் உதடு அசைந்தது. "நாளைக்கு வா," என்றார். தெளிவாக, முழுசாக.

"கொள்ளாம் சேட்டா!" அந்தப் பெண் கைதட்டினாள். பார்க்க வந்திருந்த கொழுந்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கட்டிலருகே குனிந்தேன். பாதி எடுத்துக் கொடுத்தால் மீதி வந்துவிடும் என்று நினைத்தேன்.

"வாளைக்கு..." என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, பொறுமையாக, என்னைத் திருத்தினார்.

"வாளைக்கு இல்ல. நாளைக்கு."