சாமிக்கு வைத்த மலைப்பழம்

சர்க்கரை நோயாளியான என் கணவருக்குக் கேப்பைக்களியும் மொச்சைக் குழம்பும் சாப்பிட ஆசை. விடுமுறைக்குக் குரங்கணிக்கு மேலே என் அண்ணனின் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போனோம்.

இலை போட்டதும் அவருக்கு இன்சுலின் ஊசி போட்டேன். அண்ணன் வராமல் அந்த வீட்டில் பரிமாற மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டேன். மழையில் அண்ணன் வரவில்லை. சாப்பாடு தள்ளிப்போனதில் சர்க்கரை இறங்கி, கணவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

“மதினி, வெரசா சீனி கொண்டாங்க!” என்று அண்ணன் மனைவியிடம் கத்தினேன்.

“அவருக்கு ஆகாதுன்னு வீட்டுல இருந்த இனிப்பையெல்லாம் நேத்தே வேலையாளுகளுக்குக் குடுத்துட்டேனே, ஆத்தா!”

சாமி படத்தின் முன்னால் பூசைக்கு வைத்திருந்த மலைவாழைப்பழத்தை உரித்து ஊட்டினேன். சிறிது நேரத்தில் தெளிந்தார்.

“ருசியா இருக்கே. இன்னொண்ணு?”

“மதினி, களியைப் போடுங்க. அண்ணன் வரும்போது வரட்டும்!”

அவர் நிதானமாகக் களியைப் பிசைந்தார். முதல் வாய் உள்ளே போன பிறகுதான் நான் ஊசியை எடுத்து வைத்தேன்.